நேர்காணலுக்குத் தடித்த கறுப்பா, மெல்லிய உலோகமா?

கோபியிலிருந்து காலை பஸ்ஸில் கிளம்பி வந்த அக்கா மகள், நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் மூன்று ஃப்ரேம்களைத் தேர்ந்தெடுத்து என் மேசைமேல் வரிசையாக வைத்தாள். முதலாவது, அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தடித்த கறுப்பு ஃப்ரேம். கல்லூரித் தோழிகள் எல்லோரும் போட்டிருப்பது. இரண்டாவது, அடர் சாம்பல் நிறத்தில் மெல்லிய உலோக ஃபுல் ரிம். மூன்றாவது, விளிம்பே இல்லாத ரிம்லெஸ். அது அவள் அப்பாவின் ஆசை. அவருக்குத் தெரிந்த வங்கி மேலாளர் அப்படித்தான் போட்டிருந்தாராம். மூன்று வாரத்தில் கோவை சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நேர்காணல். முதல் சுற்று வீடியோவில், அடுத்தது நேரில்.

“மாமா, மூன்றில் எதுங்க நேர்காணலுக்குச் சரியாக இருக்கும்?” என்றாள். கண்ணாடி பொருத்தும் வேலையில் இத்தனை வருடமாக இருக்கிறேன்; இந்தக் கேள்வியை மே, ஜூன் மாதங்களில் அன்றாடம் கேட்கிறேன். கேட்பவர்கள் எல்லோரும் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைப் பார்க்கிறார்கள். நான் முதலில் மூக்கைப் பார்ப்பேன்.

காரணம் எளிது. நேர்காணல் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஒருவர், மூக்கில் வழுக்கும் கண்ணாடியை ஐந்தாறு முறையாவது விரலால் மேலே தள்ளுவார். தள்ளுவது அவருக்கே தெரியாது; எதிரில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். பதற்றத்தில் வியர்க்கும்போது வழுக்கல் இன்னும் கூடும். எவ்வளவு அழகான ஃப்ரேமாக இருந்தாலும், அது நழுவினால் மேல் விளிம்பு புருவத்தை விட்டிறங்கிக் கண்ணுக்குக் குறுக்கே வந்துவிடும். ஆகவே கண்ணியமான தோற்றமும் சௌகரியமும் ஒன்றோடொன்று மோதுகிற விஷயங்கள் அல்ல. பொருந்தாத ஃப்ரேம் முகத்தில் கண்ணியமாக இருக்கவே முடியாது.

அவளைக் கறுப்பு அசிடேட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். குனிந்து தரையைப் பார்க்கச் சொன்னேன். தலையை இரண்டு முறை இடவலமாக ஆட்டச் சொன்னேன். ஃப்ரேம் மூக்கின் பாதிக்கு இறங்கிவிட்டது. அடுத்து வாய்விட்டுச் சிரிக்கச் சொன்னேன். கன்னம் உயர்ந்து கீழ் விளிம்பில் முட்டி, ஃப்ரேம் முழுவதையும் மேலே தூக்கியது. அசிடேட் ஃப்ரேமில் மூக்கில் உட்காரும் பகுதி ஃப்ரேமோடு சேர்ந்தே வார்த்ததுபோல் இருக்கும். அகலத்தைக் கூட்டவோ குறைக்கவோ இடமில்லை. மூக்குத்தண்டு எடுப்பாக உள்ளவர்களுக்கு அது அருமையாக உட்காரும், எடை பரவலாக இறங்கும், மூக்கில் தழும்பும் விழாது. இவளுக்கு மூக்குத்தண்டு சற்றுத் தாழ்வு. நம் அமுச்சியின் மூக்கு அப்படியே. அந்த மூக்குக்கு அந்தக் கறுப்பு ஃப்ரேம் உட்காராது.

உலோக ஃப்ரேமில் நோஸ் பேட் இரண்டும் சின்னக் கம்பிகளின் நுனியில் நிற்கின்றன. குறடு வைத்து அந்தக் கம்பிகளை உள்ளே, வெளியே, மேலே, கீழே எனக் கொஞ்சங்கொஞ்சமாக வளைக்கலாம். பேட்களை நெருக்கினால் ஃப்ரேம் மேலே ஏறும். அகற்றினால் கீழே இறங்கும். இரண்டு நிமிடத்தில் கன்னத்தில் முட்டாத உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். குனிந்தாள், சிரித்தாள், அசையவில்லை. தாழ்ந்த மூக்குத்தண்டு உள்ளவர்கள் அசிடேட்டில்தான் ஆசை வைத்தால், உலோக நோஸ் பேட் பொருத்திய அசிடேட் வகைகளும் வருகின்றன. அதைக் கேட்டு வாங்கலாம்.

உலோகத்தில் ஒரு கேள்வியைக் கேட்காமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. “கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்குமா, அம்மணி?” என்றேன். கல்லூரியில் ஒருமுறை போட்டு, காது மடல் சிவந்து நீர் வடிந்ததாகச் சொன்னாள். பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமைக்கு அதுதான் அடையாளம். விலை குறைந்த உலோக ஃப்ரேம்கள் பல நிக்கல் கலந்த உலோகத்தில் செய்தவை. மேல்பூச்சு இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. வியர்வை பட்டுப் பூச்சு தேய்ந்ததும் கன்னத்திலும் காதோரத்திலும் அரிப்பு தொடங்கும். அப்படிப்பட்டவர்கள் டைட்டானியம் ஃப்ரேம் வாங்குவது நல்லது. விலை கூடத்தான், ஆனால் எடையும் மிகக் குறைவு, வியர்வைக்கும் அசையாது. அவள் தேர்ந்தெடுத்த அதே வடிவம் டைட்டானியத்தில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன்.

டி.ஆர். 90 என்ற பிளாஸ்டிக் வகையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். இறகு போல் லேசாக இருக்கும், வளைத்தாலும் உடையாது, விலையும் கைக்கு அடக்கம். என் குறை ஒன்றுதான்: அந்தப் பொருள் வளைத்த இடத்தில் நிற்காமல் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். காதுக்குப் பின்னால் வளைவை உங்கள் காதுக்கு ஏற்றபடி அமைப்பது கடினம். போட்டுப் பார்த்த உடனே கச்சிதமாக இருந்தால் வாங்குங்கள். “பிறகு சரிசெய்து தருகிறோம்” என்று கடைக்காரர் சொன்னால் இந்த வகையில் மட்டும் அதை நம்பி வாங்க வேண்டாம்.

இனி, கண்ணாடியின் பவர். கண்ணாடித் தேர்வில் அதிகம் பேர் தவறவிடும் இடம் இது. அவளுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 5. மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிக்கும். கண்மணியிலிருந்து ஓரம் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு தடிக்கும். ஃப்ரேமில் காதின்மேல் மாட்டும் கையின் உட்புறத்தில் மூன்று எண்கள் இருக்கும். கறுப்பு அசிடேட்டில் 54, 17, 140 என்று இருந்தது. 54 என்பது ஒரு லென்ஸின் அகலம், 17 என்பது இரண்டு லென்ஸுக்கும் நடுவில் உள்ள மூக்குப் பாலம், 140 என்பது கையின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். முதல் இரண்டையும் கூட்டினால் 71. அவளுடைய கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம் 60. அதாவது ஃப்ரேமின் நடுப்புள்ளிகள் அவள் கண்களைவிட 11 மில்லிமீட்டர் அகன்று நிற்கின்றன. அந்த வித்தியாசத்தில் பாதி, ஐந்தரை மில்லிமீட்டர், ஒவ்வொரு கண்ணிலும் வெளிப்பக்க ஓரத்தில் போய்ச் சேரும். ஒளிவிலகல் எண் 1.56 உள்ள சாதாரண லென்ஸில் கணக்குப் போட்டால் காதுப் பக்க ஓரம் 6 மில்லிமீட்டருக்கு மேல் வந்தது.

உலோக ஃப்ரேமில் 48, 19, 140. கூட்டினால் 67, வித்தியாசம் 7, பாதி மூன்றரை. அதே லென்ஸில் ஓரம் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழே நின்றது. லென்ஸை இன்னும் மெலிதான 1.6 வகைக்கு மாற்றினால் நாலரை. கவனியுங்கள்: விலை கூடிய லென்ஸ் வாங்கிக் கிடைத்த மெலிவு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, ஃப்ரேமைச் சின்னதாக்கிக் கிடைத்தது ஒரு மில்லிமீட்டருக்கும் மேல், அதுவும் செலவில்லாமல். பவர் 3க்கு மேல் போகிறவர்கள் முதலில் ஃப்ரேமின் அகலத்தைக் குறைக்க வேண்டும். லென்ஸ் விலையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

நேர்மையாகச் சொன்னால், இந்த இடத்தில் கறுப்பு அசிடேட்டுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. தடித்த விளிம்பு லென்ஸின் ஓரத்தை மூடிக்கொள்ளும். மெல்லிய உலோகத்தில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஓரம் பின்புறமாகத் துருத்துவது தெரியும். மைனஸ் 8, 9 என்று போகிறவர்களுக்கு நானே சின்ன அளவு அசிடேட்டைத்தான் சிபாரிசு செய்வேன். மைனஸ் 5க்கு, 48 அகலத்தில், அந்த மறைப்பு தேவைப்படவில்லை.

ரிம்லெஸ்ஸை மைனஸ் 5க்கு நான் ஒதுக்கிவிட்டேன். ஓரம் முழுவதும் வெளியே தெரியும். லென்ஸில் துளையிட்டுத் திருகாணி போடுவதால் அந்தத் துளையைச் சுற்றி நாளடைவில் விரிசல் ஓடக்கூடும். ஒரு கையால் கழற்றி ஒரு கையால் மாட்டுகிற பழக்கம் உள்ளவர்களிடம் அது சீக்கிரமே ஆட்டம் கண்டுவிடும். பவர் 2க்குள் இருந்து, பொருளைப் பதமாகக் கையாளும் நடுவயதினருக்கு அது மிக அழகு. அக்காவின் வீட்டுக்காரருக்கு இதைப் போனில் விளக்கினேன், புரிந்துகொண்டார்.

நிறத்துக்கு வருவோம். மாநிறத்துக்குக் கறுப்பு ஒத்துவராது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. நம் தலைமுடியும் புருவமும் கறுப்பு; கறுப்பு ஃப்ரேம் அதோடு இயல்பாகச் சேரும். சிக்கல் நிறத்தில் இல்லை, கறுப்பும் தடிமனும் ஒன்றாகச் சேரும்போது வருகிறது. வீடியோ நேர்காணலில் மேலே இருக்கும் விளக்கு ஒன்றுதான் வெளிச்சம் என்றால், தடித்த மேல் விளிம்பு கண்ணுக்கு மேல் நிழல் போடும். கேமராவில் கண் இருண்டுவிடும், கறுப்பு வட்டம் மட்டும் நிற்கும். அவளை மூன்று ஃப்ரேமிலும் என் போனில், ட்யூப்லைட் வெளிச்சத்தில் படம் எடுத்தேன். படத்தைப் பார்த்ததும் அவளே கறுப்பைத் தள்ளி வைத்துவிட்டாள். அசிடேட்டில் கண்ணாடிதான் தெரிந்தது. அடர் சாம்பலில் அவள் கண் தெரிந்தது.

அலுவலகத்துக்கு நான் வழக்கமாகச் சொல்வது அடர் சாம்பல், அடர் பழுப்பு, மெல்லிய கறுப்பு ஆகிய மூன்று. கருநீலமும் கத்தரிப்பூ நிறமும் கூடப் போடலாம், கை நீட்டும் தூரத்தில் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரிகிற அளவுக்கு அடர்ந்திருந்தால். கை நீட்டிப் பிடித்ததும் முதலில் நிறத்தின் பெயர்தான் வாயில் வருகிறது என்றால், அது ஞாயிற்றுக்கிழமைக் கண்ணாடி. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டை நான் தளர்த்துவேன். நாளெல்லாம் துணியின் நிறத்தோடு பழகும் இடம் அது. அளவான நிறம் அங்கே யாருக்கும் உறுத்தாது. தங்க நிறம் நம் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பிடித்தது. மின்னாத, மங்கிய தங்கமாக இருந்தால் வங்கிக்கும் பள்ளிக்கும் நன்றாகப் போகும். பளபளக்கும் தங்கமும் பளபளக்கும் கறுப்பும் மேலே உள்ள விளக்கை அப்படியே திருப்பி அடிக்கும். இரண்டிலும் மேட் பூச்சு உள்ளதைக் கேளுங்கள். நிறமில்லாத கண்ணாடி போன்ற ஃப்ரேம் புதிதில் மிகச் சுத்தமாக இருக்கும். வியர்வையும் வெயிலும் பட்டு நாளாக ஆக மஞ்சள் பாய்ந்துவிடும். வேலைக்குச் சேர்ந்து தினமும் போடுவதற்கு அதை நான் சொல்வதில்லை.

கடைகளில் மேலிருந்து மஞ்சள் விளக்கு அடிக்கும். அதில் பழுப்பு தங்கம் போலவும் சாம்பல் வெள்ளி போலவும் தெரியும். நிறம் முடிவு செய்யும் முன் ஃப்ரேமைக் கடை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முகம் பார்க்கும்போது புருவத்தையும் பாருங்கள். மேல் விளிம்பு புருவத்தை ஒட்டியே ஓட வேண்டும். புருவத்தை முழுக்க மூடினால் முகபாவம் மறையும். புருவத்துக்கும் ஃப்ரேமுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் எப்போதும் வியப்பில் இருப்பவர் போல் தோன்றும்.

ஃப்ரேம் முடிவானதும் அவள் நீலஒளி தடுக்கும் லென்ஸும், வெயிலில் கறுக்கும் லென்ஸும் கேட்டாள். இரண்டையும் இந்தக் கண்ணாடிக்கு வேண்டாம் என்றேன். வெயிலில் கறுக்கும் லென்ஸ் சரவணம்பட்டி வரை ஸ்கூட்டரில் வந்தால் முழுக்கக் கறுத்திருக்கும். உள்ளே வந்த பிறகு தெளிய சில நிமிடங்கள் ஆகும். அலுவலக வாசலில் பெயர் எழுதி நேரே உள்ளே அழைத்துவிட்டால், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வணக்கம் சொல்வதுபோல் ஆகிவிடும். நீலஒளி தடுக்கும் பூச்சுகளில் பல, லேப்டாப் திரையின் வெளிச்சத்தை நீலமாகவோ ஊதாவாகவோ திருப்பி அனுப்பும். வீடியோ அழைப்பில் எதிரில் இருப்பவருக்குக் கண்ணுக்குப் பதில் இரண்டு நீலச் சதுரங்கள் தெரியும். பூச்சே இல்லாத லென்ஸும் கூடாது. அதன் ஒவ்வொரு பரப்பும் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும், ட்யூப்லைட் அப்படியே லென்ஸில் கோடாக நிற்கும். பிரதிபலிப்பைத் தடுக்கும் சாதாரண பூச்சு, அதாவது சாய்த்துப் பார்த்தால் மெல்லிய பச்சை தெரிவது, போதும். பணத்தைச் செலவிட வேண்டிய இடம் அது. மைனஸ் லென்ஸின் ஓரத்தில் தெரியும் வெள்ளை வளையங்களையும் அது ஓரளவு அடக்கும்.

வேலை எங்கே என்பதைப் பொறுத்து ஃப்ரேம் கையின் தடிமனையும் யோசிக்க வேண்டும். ஹெட்போன் மாட்டிப் பேசும் வேலையென்றால் தடித்த அசிடேட் கை காதோரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் வலியைக் கொடுத்துவிடும். ஹெல்மெட்டுக்குள் செருகும்போதும் மெல்லிய, நேரான கைதான் தொல்லையில்லாமல் போகும். கோவையில் பம்ப், வார்ப்பட ஆலைகளுக்குப் பொறியாளராகப் போகிறவர்கள் கண்ணாடிக்கு மேலே பாதுகாப்புக் கண்ணாடி மாட்ட வேண்டியிருக்கும். அகன்ற ஃப்ரேம் அதற்குள் அடங்காது.

நேர்காணலுக்குப் பத்து நாளாவது முன்னால் புதுக் கண்ணாடி கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். மைனஸ் பவர் மாறினால் முதல் இரண்டு நாள் தரை சற்று வளைந்ததுபோல், படிக்கட்டு தள்ளியிருப்பதுபோல் தோன்றும். ஒரு வாரம் தொடர்ந்து போட்டால் தானாகச் சரியாகிவிடும். ஒரு வாரம் கழித்தும் தலைவலியோ மங்கலோ இருந்தால் லென்ஸின் மையம் கண்மணியோடு பொருந்தியிருக்கிறதா என்று அளக்க வேண்டும். அதற்கும் நாள் கையில் இருக்க வேண்டும்.

ஆறாம் நாள் அவள் திரும்ப வந்தாள். மூக்கு சரி, பார்வை சரி, இடது காதுக்குப் பின்னால் மட்டும் மதியத்துக்கு மேல் வலிக்கிறது என்றாள். பார்த்தால், இடது கையின் வளைவு காதின் உச்சியைத் தாண்டுவதற்கு முன்னாலேயே தொடங்கியிருந்தது. அதனால் அது காதை அழுத்தியதோடு ஃப்ரேமை முன்னாலும் தள்ளிக்கொண்டிருந்தது. காது இரண்டும் ஒரே உயரத்திலோ ஒரே தூரத்திலோ இருப்பது அபூர்வம். ஆகவே இரண்டு கையையும் ஒரே மாதிரி வளைத்தால் யாருக்கும் பொருந்தாது. நுனியில் உள்ள உறையைச் சூடேற்றி நிமிர்த்தி, மூன்று மில்லிமீட்டர் தள்ளி மறுபடி வளைத்தேன். காதுக்கும் கைக்கும் இடையே ஒரு தாள் இழுத்தால் கிழியாமல் வரும் அளவுக்கு விட்டேன்.

தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னிய தலையோடு வந்திருந்தாள். நேர்காணலன்று எண்ணெயைக் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். காதோரத்து எண்ணெய் ஃப்ரேமின் கை முழுக்கப் பரவி, எவ்வளவு நன்றாகப் பொருத்திய ஃப்ரேமையும் வழுக்க வைக்கும். காலையில் கிளம்பும் முன் நோஸ் பேட்களையும் கைகளையும் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியில் ஒற்றிவிட்டுப் போகச் சொன்னேன். பழைய கண்ணாடியையும் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு திருகாணி கழன்று விழுந்தாலும் மைனஸ் 5 உள்ளவரால் எதிரில் இருப்பவரின் முகத்தைக்கூடத் தெளிவாகப் பார்க்க முடியாது.